மெஸ் குழுவுக்கு எழுதும் கடிதத்தில் கிலோக் கணக்கு இருக்கட்டும்

"சத்தான சாப்பாடு வேணும், மரக்கறி கூட்டித் தாங்கோ" என்று விடுதி மாணவர் எழுதும் கடிதத்துக்கு எந்த மெஸ் குழுவும் "கவனத்தில் எடுக்கிறம்" என்றுதான் பதில் சொல்லும். அதைத் தவிர அவர்கள் சொல்ல என்ன இருக்கிறது? "சத்து" என்பதைத் தராசில் வைக்க முடியாது. கடைக்காரரிடம் துண்டெழுதிக் கொடுப்பவருக்குத் தேவை கிலோ. ஆகவே ஓர் ஆளுக்கு எத்தனை கிராம், அதுவும் சமைக்க முன் நிறுத்த எடை, இன்ன நேரச் சாப்பாட்டில் என்று கேளுங்கள். என் முழு வாதமும் இதுதான்.

120 பேர் சாப்பிடும் விடுதி ஒன்றை எடுப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் தேவை. காலையில் இடியப்பம் அல்லது பாண், மதியம் சோறு, இரவு பிட்டு என்று சாப்பிட்டால் அந்த மாப்பொருளிலிருந்தே 30 கிராம் அளவில் வந்துவிடும். மிச்சம் 20 கிராம். அதைக் கறிதான் தரவேண்டும்.

மச்சம் காய்ச்சும் நாளில் பிரச்சினை குறைவு. வெள்ளிக்கிழமையும் மற்றச் சைவ நாட்களும்தான் இடிக்கும். அன்றைக்குப் பருப்பை நம்பியிருக்கிறோம். 120 பேருக்கு இரண்டு கிலோ மைசூர்ப் பருப்புப் போட்டால் ஆளுக்கு 17 கிராம் கூட வராது. அதில் புரதம் நாலே கிராம். கோப்பையில் மஞ்சளாகத் தெரிவதால் பருப்புச் சாப்பிட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பருப்பு கிடாரத்தின் அடியில் தங்கும். கிண்டாமல் மேலால் அள்ளினால் முந்தி வந்தவருக்குத் தண்ணீர். ஆள் கூடிவிட்டதென்று சுடுதண்ணீர் ஊற்றி நீட்டினால் பிந்தி வந்தவருக்கும் தண்ணீர். எனவே "கட்டிப் பருப்பு வேண்டும்" என்று எழுதாதீர்கள். "ஆளுக்கு 30 கிராம், 120 பேருக்கு 3.6 கிலோ" என்று எழுதுங்கள். புரதம் ஏழு கிராமாகிவிடும்.

காசுக்கு எங்கே போவது என்று குழு கேட்கும். நியாயமான கேள்வி. கடிதம் கொடுக்க முன் ஐந்து நாட்களுக்கு, மதியம் வாளியில் கொட்டப்படும் சோற்றை நிறுத்து எழுதி வையுங்கள். அரிசி சோறாகும்போது ஏறக்குறைய இரண்டரை மடங்கு எடையாகிறது. நாளுக்குப் பத்துக் கிலோ சோறு கொட்டுப்பட்டால் நாலு கிலோ அரிசி கொட்டுப்படுகிறது. மேலதிகமாக நீங்கள் கேட்பது 1.6 கிலோ பருப்பு. இரண்டுக்கும் அன்றைய விலையைப் போட்டு அந்தத் தாளைக் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தால், பேச்சு "முடியாது" என்ற இடத்திலிருந்து தொடங்காது.

இன்னொரு ஏழு கிராமுக்குக் கௌபி அல்லது கடலை, ஆளுக்கு உலர் எடையில் 30 கிராம்; கடலை என்றால் ஒரு கிராம் அளவில் குறையும். காலையில் அவித்துத் தேங்காய்ப்பூவும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளித்தால் போதும். இங்கேதான் பல விடுதிகளில் முயற்சி கவிழ்கிறது. "அவியுதில்லை, எரிவாயு வீண், பிள்ளையள் கல்லென்று கொட்டுதுகள்" என்பார் சமையற்காரர். அவர் பொய் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படையைப் பார்த்தால் தெரியும். அந்தச் சுண்ணாம்பிலுள்ள கல்சியம் தானியத்தின் கலங்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பசையை இறுக்கிவிடுகிறது. தோல் வெடிக்கும், உள்ளே மாவாகாது.

சந்தேகமிருந்தால் ஒரே மூட்டையிலிருந்து நூறு நூறு கிராம் கௌபியை எடுத்து, ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரிலும் மற்றதைச் சுண்ணாம்பு போக வடிகட்டிய குடிதண்ணீரிலும் ஊறவைத்து, அதே தண்ணீரில் தனித்தனியாக அவித்து, ஒரே நேரத்தில் விரலால் நசித்துப் பாருங்கள். குடிதண்ணீரில் அவிந்தது மட்டும் நசிந்தால் குற்றம் தண்ணீரில். இரண்டு சட்டியிலும் சிலது பஞ்சாகவும் சிலது கல்லாகவும் இருந்தால், பழைய சரக்கைப் புதிதோடு கலந்திருக்கிறார்கள். வெக்கையில் மாதக்கணக்காகக் கிடந்த கௌபி எந்தத் தண்ணீரிலும் லேசில் மசியாது. அப்போது கடையை மாற்றச் சொல்லுங்கள்.

தண்ணீர்தான் காரணம் என்றால் அவிக்க மட்டுமாவது வடிகட்டிய தண்ணீர் எடுக்கலாம். அதற்கும் வழியில்லாவிட்டால் ஊறப்போடும் தண்ணீரில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கழுவி அவிக்கலாம். உப்பு கல்சியத்தைக் கொஞ்சம் இடம்பெயர்த்துவிடும். புளி, தக்காளி எல்லாம் மசிந்த பிறகுதான். இரவு 9 மணிக்கு ஊறவைத்தால் காலை 5 மணிக்கு அடுப்பில் ஏற்றவேண்டும். எங்கள் வெக்கையில் மத்தியானம் வரை விட்டால் நுரைத்துப் புளித்த மணம் வந்துவிடும். அப்பச்சோடாவைத் தினமும் அள்ளிப் போடுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மசியும், ஆனால் பி1 உயிர்ச்சத்து அழியும்.

கடைசி ஆறு கிராம் ஒரு முட்டை. முட்டையும் சாப்பிடாத சைவக்காரருக்கு உலர் எடையில் 12 கிராம் சோயா மீற் அதே அளவு தரும். சுடுதண்ணீரில் ஊறவிட்டு இரண்டு தரம் பிழிந்தால்தான் அந்தப் பச்சை மணம் போகும். முட்டை சாப்பிடாதவர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை கடிதத்திலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் அவர்களுக்கு அப்பளம்தான்.

மரக்கறிக்கு வருகிறேன். இதில் ஒரே ஒரு சண்டை பிடியுங்கள்: உருளைக்கிழங்கை மரக்கறிக் கணக்கில் சேர்க்கக்கூடாது. அது சோற்றின் தம்பி. உலக சுகாதார அமைப்பு நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் என்று சொல்லும்போதும் கிழங்கை விட்டுவிட்டுத்தான் எண்ணுகிறது. கிழங்கில்லாத ஒரு கறிக்கு ஆளுக்கு 100 கிராம் என்றால் மதியத்துக்குச் சந்தையில் 12 கிலோ வாங்கவேண்டும். கத்தரி, பூசணி, பயற்றங்காய், எது மலிவோ அது. திருநெல்வேலியிலோ மருதனார்மடத்திலோ அன்றைக்குக் குவிந்து கிடப்பதை வாங்கும் சுதந்திரத்தைச் சமையற்காரருக்குக் கொடுங்கள். கிழமைப் பட்டியலில் "போஞ்சி" என்று அச்சடித்துவிட்டால் விலை ஏறிய நாளில் அது கிழங்காக மாறிவிடும்.

இலைக்கறி கேட்கும்போது விலையை விடக் கைவேலைதான் தடை. ஐந்து கிலோ கீரை மலைபோலக் குவிந்திருக்கும், வதங்கினால் ஒரு தாச்சிக்குள் அடங்கும். அதற்குமுன் ஆய்ந்து மண் போக மூன்று தரம் அலசவேண்டும். முருங்கையிலைக்கு ஒரு வழி உண்டு: கொப்புகளை இரவு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்தால் காலையில் உதறப் பெருமளவு இலை கொட்டிவிடும். தேங்காய்ப்பூப் போட்ட வறை மூடிய சட்டியில் பின்னேரம் வரை நிற்காது. அதனால் இலைக்கறியை மதியத்துக்கு மட்டும், கிழமைக்கு மூன்று நாள் கேளுங்கள். ஆய்வதற்கு முறை வைத்து நாலு மாணவர் வருவார்கள் என்பதையும் எழுதுங்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இவ்வளவு இருந்தால் போதும்:

"சைவ நாட்களில் ஆளுக்குச் சமைக்க முன் எடையில் பருப்பு 30 கிராம், கௌபி அல்லது கடலை 30 கிராம், முட்டை ஒன்று அல்லது சோயா மீற் 12 கிராம், கிழங்கு தவிர்ந்த மரக்கறி மதியம் 100 கிராம் வழங்குமாறு கேட்கிறோம். முட்டை சாப்பிடாதவர் இத்தனை பேர். கிழமைக்கு மூன்று நாள் மதியம் இலைக்கறியும் வேண்டும்; ஆய்வதற்கு முறை வைத்து எங்களில் நாலு பேர் வருவோம். ஐந்து நாட்கள் கொட்டுப்பட்ட சோற்றின் எடையும் விலைக் கணக்கும் இணைக்கப்பட்டுள்ளன. இரண்டு கிழமைகளுக்குப் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கலாம். களஞ்சியத்திலிருந்து பொருள் நிறுத்துக் கொடுக்கும்போது எங்களில் ஒருவர் நின்று கொப்பியில் கையொப்பமிட அனுமதி தரவும்."

அந்தக் கடைசி வரியை வெட்டச் சொல்லித்தான் முதலில் கேட்பார்கள். வேறு எதை விட்டுக்கொடுத்தாலும் அதை விடாதீர்கள்.