ஆட்டோ இன்க்ரிமென்ட் போட்டா அறிவில்லாதவனா?

நேத்து நான் போட்ட கமெண்டுக்கு கீழ நடந்த கூத்த நிறைய பேர் பாத்திருப்பீங்க. "இந்தக் காலத்துலயும் ஆட்டோ இன்க்ரிமென்டா, நாளைக்கு டேபிள நாலு சர்வர்ல பிரிக்கணும்னா என்ன பண்ணுவீங்க அங்கிள்"னு ஒரு தம்பி கேட்டாரு, அதுக்கு அம்பது சிரிப்பு. அங்கிள்னு கூப்பிட்டதுல வருத்தமில்ல. சரி, கொஞ்சம் இருக்கு.

நான் சொன்னது ஒண்ணுதான். நாளைக்கு பிரிக்கலாம்ங்கிற ஒரே காரணத்துக்காக இன்னைக்கே ரேண்டம் யூயூஐடிய ப்ரைமரி கீயா வைக்காதீங்க. யூயூஐடியே வேண்டாம்னு நான் எங்கயும் சொல்லல, ரேண்டம்னு சொன்னேன், அந்த வார்த்தைய மட்டும் யாரும் படிக்கல.

இதெல்லாம் படிச்சு சொல்றதில்ல, பட்டு சொல்றேன். ஒரு இடத்துல ஆர்டர் டேபிளுக்கு இதே "நாளைக்கு பிரிப்போம்" பேச்சுல முழுக்க ரேண்டமான வெர்ஷன் 4 யூயூஐடிய `CHAR(36)`ல போட்டோம். முதல் எட்டு மாசம் ஜோரா ஓடுச்சு. அப்புறம் ஒரு இன்சர்ட்டுக்கே சர்வர் மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. மைசீக்குவல்ல இன்னோடிபி டேபிளே ப்ரைமரி கீ வரிசைலதான் டிஸ்க்ல உக்காந்திருக்கும். நம்பர் ஏறிக்கிட்டே போனா புது ரோ எல்லாம் கடைசி பேஜ்ல போய் சேரும், அந்த பேஜ் எப்பவும் மெமரில இருக்கும். ரேண்டம்னா ஒவ்வொரு ரோவும் டேபிளோட ஏதோ ஒரு மூலைல போய் நுழையணும். டேபிள் மெமரில இருக்கற பஃபர் பூலுக்குள்ள அடங்குற வரைக்கும் இது தெரியவே தெரியாது. அத தாண்டுன அன்னைக்குதான் ஒரு ரோ எழுதறதுக்கு முன்னாடி அதுக்கான 16 கேபி பேஜ டிஸ்க்ல இருந்து தூக்கிட்டு வரணும், அதுல இடமில்லன்னா ரெண்டா உடைக்கணும், உடைஞ்ச பேஜ் ரெண்டும் பாதி காலியா கிடக்கும். வெறும் இன்சர்ட் மட்டும் ஓடும்போதே `Innodb_buffer_pool_reads` எகிறுச்சுன்னா இதுதான் வியாதி.

சைஸ் கணக்கும் சொல்லிடறேன். `BIGINT` 8 பைட், `CHAR(36)` ஆஸ்கி செட்லயே 36 பைட், வித்தியாசம் 28. இன்னோடிபில ஒவ்வொரு செகண்டரி இண்டெக்ஸும் ப்ரைமரி கீய ஒரு காப்பி வச்சுக்கும். எங்களுக்கு மூணு இண்டெக்ஸ், டேபிளோட சேத்து நாலு இடம், ஆக ஒரு ரோவுக்கு 112 பைட். 10 கோடி ரோவுக்கு 11.2 ஜிபி, வெறும் கீக்கு மட்டும்! ஆர்டர் ஐடிய தூக்கி சுமக்கற மத்த டேபிளெல்லாம் இதுல சேக்கவே இல்ல.

"அப்ப பிரிக்கும்போது ரெண்டு சர்வர்லயும் ஒரே நம்பர் வருமே"ன்னு கேப்பீங்க. ஏற்கனவே இருக்கற ரோ எல்லாம் ஒரே கவுன்ட்டர்ல இருந்து வந்தது, அதுங்க மோதவே மோதாது. புது ரோதான் பிரச்சினை. எட்டு சர்வர் வரைக்கும் போகலாம்னு நினைச்சா மூணாவது சர்வர்ல இத போடுங்க:

```sql
SET PERSIST auto_increment_increment = 8;
SET PERSIST auto_increment_offset = 3;
```

அந்த சர்வர் 3, 11, 19னு போகும், அடுத்தது 4, 12, 20னு போகும். ஒம்பதாவது சர்வர் வந்தா கஷ்டம்தான், அதனால ஆரம்பத்துலயே பெரிய நம்பரா வைங்க, `BIGINT`ல இடத்துக்கா பஞ்சம்? அதுவுமில்லாம டேபிள பிரிக்கறது பெரும்பாலும் கஸ்டமர் ஐடிய வச்சுதான், ஆர்டர் ஐடிய வச்சு இல்ல. ஒரு கஸ்டமரோட ஆர்டர் எல்லாம் ரேண்டமா எட்டு சர்வர்ல சிதறிக் கிடந்தா அவரோட லிஸ்ட எடுக்க எட்டு கதவையும் தட்டணும். யூயூஐடி போட்டுட்டா பிரிக்கற வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கறவங்க இத யோசிச்ச மாதிரியே தெரியல.

இன்னொரு சாக்கு, யூஆர்எல்ல ஆர்டர் ஐடி 1042ன்னு இருந்தா 1043ய தட்டிப் பாப்பாங்களாம். பாக்கட்டும், பர்மிஷன் செக் எதுக்கு இருக்கு?

ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், நெட் இல்லாத போன்லயே ஐடி உருவாகணும், இல்ல தனித்தனியா 1ல இருந்து ஆரம்பிச்ச ரெண்டு டேட்டாபேஸ பின்னால ஒண்ணா சேக்கணும்னா ஆட்டோ இன்க்ரிமென்ட் கழுத்தறுக்கும். அங்க யூயூஐடி வேணும். ஆனா அதுக்கும் வெர்ஷன் 7 இருக்கே, 2024லயே ஆர்எஃப்சி 9562ல வந்தாச்சு, முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம், அதனால புதுசெல்லாம் கிட்டத்தட்ட கடைசிலயே போய் சேரும். `BINARY(16)`ல வைங்க. ரோ எப்ப உருவாச்சுன்னு ஐடியே சொல்லிடும், அது பரவால்லன்னா.

இதத்தான்யா நேத்தும் சொன்னேன், ரெண்டாவது வரிலயே! சொன்னவன் வயச பாத்து சிரிச்சீங்க. அந்த ஆர்டர் டேபிள நம்பருக்கு மாத்த மூணு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்தது நான், யூயூஐடிதான் வேணும்னு மீட்டிங்ல அடம்பிடிச்சவரு அதுக்குள்ள வேற கம்பெனிக்கு போயிட்டாரு, "டேட்டாபேஸ் ஏன் ஸ்லோ"ன்னு மெயில் வந்தது எனக்கு. கடைசி வரைக்கும் அந்த டேபிள பிரிக்கவே இல்ல, இன்னைக்கும் ஒரே சர்வர்லதான் ஓடுது.

இனி வாதம் பண்ண வர்றவங்க உங்க டேபிளோட `SHOW TABLE STATUS` எடுத்து `Data_length`, `Index_length` ரெண்டையும் போட்டுட்டு வாங்க. வெறும் சிரிப்பு எமோஜின்னா பிளாக்தான், தம்பியா இருந்தாலும்.