டெங்கு ஸ்லைடில் சாக்கடைப் படம் எதற்கு?

மழைக்காலம் தொடங்கியதும் குடியிருப்போர் சங்கங்களிலும் பள்ளிகளிலும் டெங்கு விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே திரையிடப்படும் ஸ்லைடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது ஒரு சாக்கடைப் படம். கறுத்த நீர், மிதக்கும் பாலித்தீன் பைகள், அவற்றின் மேல் ‘டெங்குவை ஒழிப்போம்’ என்ற பெரிய எழுத்து. வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால், அந்தப் படம் சொல்லவந்த செய்தியையே மறுத்துப் பேசுகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு பெரும்பாலும் வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் உள்ள கலன்களில் தேங்கும் தெளிந்த நீரைத் தேடித்தான் முட்டையிடுகிறது. மூடாத டிரம், ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி ஆகியவையே அதன் இடங்கள். பேச்சாளர் இதை வாயால் சரியாகவே சொன்னாலும், கேட்பவரின் கண்ணில் நிற்பது சாக்கடைதான். கூட்டம் முடிந்ததும் அவர் நகராட்சியைக் குறைசொல்லிக்கொண்டே வீடு திரும்புவார். தன் வீட்டு ஃபிரிட்ஜை நகர்த்திப் பார்க்கமாட்டார்.

ஆகவே நான் செய்யும் சோதனை எளியது. ஸ்லைடில் உள்ள எழுத்தை மறைத்துவிட்டு, படத்தை மட்டும் வேறொருவரிடம் காட்டி, இதைப் பார்த்தால் என்ன செய்யவேண்டும் என்று தோன்றுகிறது எனக் கேட்பேன். சொல்லவந்ததற்கு அருகிலாவது அவருடைய பதில் வராவிட்டால் படத்தை எடுத்துவிடுவேன்.

படம் சுவாரசியமாக இருந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஷானன் ஹார்ப், ரிச்சர்ட் மேயர் என்ற ஆய்வாளர்கள் மின்னல் உருவாகும் விதத்தைப் பற்றிய பாடம் ஒன்றை வைத்து இதைச் சோதித்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவையான, ஆனால் பாடத்தின் மையத்தோடு தொடர்பில்லாத தகவல்களும் படங்களும் சேர்க்கப்பட்ட பாடத்தைப் படித்தவர்கள், அவை இல்லாத பாடத்தைப் படித்தவர்களைவிடக் குறைவாகவே முக்கியக் கருத்துகளை நினைவுகூர்ந்தார்கள். அத்தகைய தகவல்கள் பாடத்தின் தொடக்கத்தில் வந்தபோது பாதிப்பு கூடியது. முதல் ஸ்லைடிலேயே திரை முழுவதும் பூதம்போல் ஒரு கொசுவை நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

சாக்கடைக்குப் பதிலாக எதை வைப்பது? ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டை, அதே பகுதியில் உள்ள ஒரு வீட்டில், வீட்டுக்காரரின் அனுமதியோடு எடுத்த புகைப்படத்தை வைக்கலாம். தட்டை மட்டும் நெருங்கி எடுத்தால் அது என்னவென்றே புரியாது. ஃபிரிட்ஜின் பின்பகுதியும் சுவரும் தெரியும்படி எடுத்து, தட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் போதும். கொசுப்புழுவைக் காட்டவேண்டுமானால், அந்த நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிப் படம் எடுக்கவேண்டும். கறுப்பு டிரம்முக்குள் எடுத்த படம் கைபேசியில் தெளிவாக இருந்தாலும், வெளிச்சம் நிறைந்த கூடத்தில் புரொஜெக்டரில் வெறும் இருட்டாகத்தான் விழும். வாட்ஸ்அப்பில் வாங்கும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் படத்தின் தரம் குறைந்துவிடும்.

ஐகான்களில் தவறு இன்னும் நுட்பமானது. ‘வாரம் ஒரு முறை நீரைக் கொட்டிவிட்டு, கலனைத் தேய்த்துக் கழுவுங்கள்’ என்ற வரிக்குப் பலரும் ஒரு கடிகாரத்தையும் சாய்ந்த வாளியையும் போடுகிறார்கள். கடிகாரம் மணிக்கணக்கைத்தான் சொல்லும். ஒரு நாள் மட்டும் வண்ணமிட்ட நாட்காட்டியே வாரத்தைச் சொல்லும். வெப்பமான சூழலில் முட்டை ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் கொசுவாகிவிடுவதால் இங்கே வாரக்கணக்குதான் உயிர்நாடி. வாளியின் குறை அதைவிடப் பெரியது. ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கலனின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி நீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. நீரைக் கொட்டுவதோடு நிறுத்தச் சொல்லும் ஐகான் பாதி வேலையைத்தான் கற்பிக்கிறது. தேய்க்கும் பிரஷ் ஐகான் கிடைக்கவில்லையென்றால், ஒரு கை டிரம்மின் உட்சுவரைத் தேய்ப்பதைப் படமெடுத்துப் போடுவது மேல்.

மருத்துவம் என்றாலே வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவையைப் போடும் வழக்கத்தையும் விடவேண்டும். அது ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம். இந்தியாவில் 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் அனுமதியற்ற பயன்பாட்டைத் தடைசெய்கிறது. ஸ்டெதஸ்கோப் இருக்கவே இருக்கிறது.

அபாய அறிகுறிகளுக்கான ஸ்லைடில் மட்டும் நான் எந்தப் படமும் வைப்பதில்லை. கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறுகளில் இரத்தக்கசிவு, காய்ச்சல் தணியும் நேரத்தில் வரும் மிகுந்த சோர்வு ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதினாலே போதும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஐகானைப் பார்ப்பவர், அதைச் சாதாரண அஜீரணம் என்று நினைத்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக்கூடும்.