அம்பயர்ஸ் கால்: பந்து ஸ்டம்பை உரசினால் மட்டும் போதாது

பந்து காலில் பட்டதற்கு எல்பிடபிள்யூ அவுட் கேட்டார்கள்; களநடுவர் நாட் அவுட் என்றார், ரிவ்யூ கேட்டும் அதுவே நின்றது. அதைப் பார்த்த ஒருவரின் கோபம்: "பந்து ஸ்டம்பில் படுவதாகத் திரையே காட்டுகிறது. பிறகு எப்படி நாட் அவுட்? மூன்றாம் நடுவர் ஏமாற்றிவிட்டார்."

நண்பரே, அந்த இடத்தில் தீர்ப்பை மாற்ற அவருக்கு விதி இடம் தரவில்லை. பந்து கால்காப்பில் பட்டதோடு கேமரா கண்ட பயணம் முடிந்துவிடுகிறது. அதன்பின் திரையில் ஓடுவது கணிப்பு. பந்தின் குறுக்களவு சுமார் 7 செ.மீ. லெக் ஸ்டம்பின் வெளிவிளிம்பில் அதில் 2 செ.மீ. மட்டும் உரசுவதாகக் கணித்தால், பந்தின் பாதிக்கும் குறைவு; தீர்ப்பை மாற்ற அது போதாது, களநடுவர் சொன்னதே நிற்கும். இதுதான் அம்பயர்ஸ் கால். அவர் அவுட் கொடுத்திருந்தால் அதே பந்துக்கு ஆட்டக்காரர் வெளியேறியிருப்பார்.

"ரிவ்யூவும் வீண்" என்று இன்னொருவர் எழுதியது பழைய விதி. 2017 முதல் இப்படி முடிந்தால் ரிவ்யூ கைவிட்டுப் போகாது. மட்டையில் பட்ட சத்தத்தை வைத்துக் கொடுக்கும் கேட்சுக்கும் இது பொருந்துமா என்றால், இல்லை: இந்தப் பாதிக் கணக்கு எல்பிடபிள்யூவுக்கு மட்டும்தான்.

மறுஒளிபரப்பை நிறுத்திப் பாருங்கள். WICKETS என்ற வரியில் UMPIRE'S CALL என்றிருக்கும். ஐசிசி தளத்தில் ஆட்ட நிபந்தனைகளில் டிஆர்எஸ் என்ற மறுஆய்வு முறை பற்றிய பகுதியிலும் இதைப் படிக்கலாம். கோட்டைப் பாதியில் போட்டது சரியா என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. அது வேறு விவாதம்.