டயட்டில் முடி கொட்டுகிறதா? ஹீமோகுளோபினோடு நிறுத்திவிடாதீர்கள்

டயட்டில் இருக்கும்போது முடி கொட்டினால் எல்லோரும் முதலில் ஷாம்பூவையும் தண்ணீரையும்தான் சந்தேகப்படுகிறார்கள். மூன்று மாதம் முன்னால் என்ன சாப்பிட்டோம் என்று யோசிப்பதில்லை. சாப்பாடு திடீரென்று குறைந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிவேர்களில் நிறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த முடி உதிர இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதனால்தான் காரணம் நம் கண்ணில் படுவதே இல்லை.

என் தோழி ஒருத்தி ஜனவரியில் பட்டினி மாதிரியான டயட் தொடங்கி, இரண்டு மாதத்தில் 9 கிலோ குறைத்தாள். ஏப்ரலில் சீப்பு நிறைய முடி, நுனியில் குட்டியாய் வெள்ளை முனையோடு. வேரே போய்விட்டது என்று பயந்தாள். அது வேர் இல்லை, ஓய்வுக்குப் போன முடியின் அடையாளம். வேர் உள்ளேதான் இருக்கிறது, மறுபடி முளைக்கும்.

அவளை அதிகம் வாட்டியது அசதிதான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் 12.4 வந்ததும், "நார்மல், டயட்னா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். இரும்புச்சத்து போதாதபோது உடம்பு முதலில் சேமிப்பில் உள்ள இரும்பைத்தான் எடுத்துச் செலவழிக்கும். ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. அவளுக்கு அது 9. பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைபாடு என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 30-க்குக் கீழே இருந்தாலே கவனிக்கும் மருத்துவர்களும் உண்டு. மாதவிடாயில் அதிகம் போகிறவர்கள் டயட்டும் இருந்தால் இந்த நிலைக்குச் சீக்கிரம் வந்துவிடுவார்கள்.

எல்லோரும் உடனே ரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். லேசான அசதி மட்டும் என்றால் இரண்டு, மூன்று வாரம் கலோரியையும் புரதத்தையும் கூட்டி, ஒழுங்காகத் தூங்கிப் பாருங்கள். சாப்பாட்டுக் குறைதான் காரணம் என்றால் தெம்பு திரும்பும். முடி கொட்டுவது அவ்வளவு சீக்கிரம் நிற்காது, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

தெம்பு திரும்பவில்லையா, மூச்சு வாங்குகிறதா, படபடப்பா, எப்போதும் குளிர்கிறதா, மாதவிடாய் நின்றுவிட்டதா, முடி வட்டவட்டமாகப் போகிறதா, ஆறு மாதம் தாண்டியும் கொட்டுகிறதா? அப்போது காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., பி12 இவற்றைக் கேளுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் வேண்டும்.

காய்ச்சல் இருக்கும்போது ஃபெரிட்டின் பார்க்காதீர்கள். குறைபாடு இருந்தாலும் எண் கூடுதலாக வந்து ஏமாற்றும். முடிக்கென்று பயோட்டின் மாத்திரை போடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு முடிவையே அது தப்பாகக் காட்டக்கூடும். குறைந்தது இரண்டு நாள் நிறுத்திவிட்டுப் பரிசோதிக்கச் சொல்வார்கள்.

இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், தேவையில்லாமல் சேர்ந்தால் கல்லீரலுக்குக் கெடுதல். தோழிக்கு மருத்துவரே எழுதிக்கொடுத்தார். அசதி சில வாரத்தில் குறைந்தது. நெற்றியோரம் குட்டி முடி தெரிய இன்னும் சில மாதம் ஆனது.