புற்றடிக் காளானும் படமும்

"அண்ணை, மழைக்குப் பிறகு வளவில காளான் முளைச்சது. படத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ, கறி வைக்கலாமா?"

வைக்க வேண்டாம் தங்கச்சி. படத்தில் வெள்ளைக் குடை மட்டும்தான் தெரிகிறது. கறிக்கு உதவும் புற்றுக்காளானின் தண்டு மண்ணுக்குள் வேர்போல நீண்டு கறையான் கூடு வரை இறங்கும். நீங்கள் தண்டை முறித்துப் பிடித்திருக்கிறீர்கள், அடி மண்ணுக்குள்ளேயே நின்றுவிட்டது. மழைக்குப் பிறகு புல்லில் வரும் நச்சுக் குடைக்காளான் ஒன்றும் இதே வெள்ளைதான். முற்றிய பிறகே அதன் அடிமடிப்பு பச்சையாகும். இளசில் அதுவும் வெள்ளை. தின்றால் ஒன்று முதல் மூன்று மணிக்குள் கடும் வாந்தி, வயிற்றோட்டம். சமைத்தாலும் நம்ப முடியாது. வெள்ளிக்கரண்டி, பூண்டு கறுக்கும் சோதனை எல்லாம் வெறும் பேச்சு.

கிளிநொச்சிச் சந்தையில் பண்ணைச் சிப்பிக்காளான் வாங்குவதென்றால் கண்ணால் பார்ப்பது உதவும். அங்கே இனம் தெரிந்ததுதான், பார்க்க வேண்டியது பழுதை. பையின் உட்புறம் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருக்கிறதா, மடிப்பு வழுவழுக்கிறதா என்று பாருங்கள். வழுவழுப்பு இருந்தால், அப்புறம் விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள். வீதியோரம் இலையில் குவித்த காட்டுக்காளானுக்கு இந்தச் சோதனை செல்லாது. நச்சுக்காளானும் புதிதாய்ப் பளிச்சென்றுதான் இருக்கும்.