ராயல் ஃப்ளஷ்: 7.8 கோடியில் ஒன்று என்பது தவறு

போக்கர் சீட்டாட்டத்தில் ஒரே சின்னத்தின் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் ஒரே கையில் சேர்வதுதான் ராயல் ஃப்ளஷ். அதைப் பற்றி ஃபார்வர்டாகச் சுற்றும் ஒரு செய்தி இப்படிச் சொல்கிறது: "5 சீட்டில் ராயல் ஃப்ளஷ் வர வாய்ப்பு 7.8 கோடியில் ஒன்றுதான். 52×51×50×49×48 போட்டு 4-ஆல் வகுத்துப் பாருங்கள்!"

பெருக்கலில் பிழை இல்லை, 31,18,75,200 என்றுதான் வரும். ஆனால் அது சீட்டு வரும் வரிசையையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு. ஆர்ட்டினில் 10, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் உங்களிடம் இருந்தால், ஏஸ் முதலில் வந்ததா கடைசியில் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை, எப்படி வந்தாலும் அது ஒரே கைதான். ஐந்து சீட்டை 5×4×3×2×1, அதாவது 120 விதமாக அடுக்கலாம் என்பதால், அந்தப் பெருக்கல் ஒவ்வொரு கையையும் 120 முறை எண்ணிவிடுகிறது. 120-ஆல் வகுத்தால் மொத்தம் 25,98,960 கைகள். அதில் ராயல் ஃப்ளஷ், சின்னத்துக்கு ஒன்று என 4 மட்டுமே. ஆகவே 6,49,740-இல் ஒன்று.

எக்செல்லில் `=COMBIN(52,5)/4` என்று அடித்தாலே இந்த எண் வந்துவிடும். வேறு வழியிலும் பார்க்கலாம்: முதல் சீட்டு, சின்னத்துக்கு ஐந்து வீதம் உள்ள 20 பெரிய சீட்டுகளில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம், அப்புறம் அதே சின்னத்தில் மீதி நான்கும் வர வேண்டும். 20/52 × 4/51 × 3/50 × 2/49 × 1/48. இதற்கும் அதே விடைதான்.

டெக்சஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையில் 7 சீட்டிலிருந்து சிறந்த 5-ஐ எடுப்பதால் அங்கே 30,940-இல் ஒன்று, அது தனிக் கணக்கு.

அரிதானதுதான், ஆனால் அந்தச் செய்தி அதை 120 மடங்கு ஊதிவிட்டது. தயவுசெய்து இனி ஃபார்வர்டு செய்யாதீர்கள், உங்களுக்கு அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.