இது பேயா, சாமியா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா மகளோடு உட்கார்ந்து 'சம்மர் டேஸ் வித் கூ' பார்த்தேன். 2007-இல் கெய்ச்சி ஹாரா இயக்கிய அனிமே படம். அதில் வரும் கூ, கப்பா என்ற ஆற்று ஜீவனின் குட்டி. அவளுக்குப் பத்து வயது. வசனத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வர, அவள் கேட்டுக்கொண்டே பார்த்தாள். பாதிப் படத்தில் என் பக்கம் திரும்பி, "மாமா, இந்தக் கூ பேயா, சாமியா?" என்றாள்.

அனிமே பற்றித் தமிழில் எழுதுகிற நாம் எல்லோரும், நானும்தான், 'யோகாய்' என்ற சொல்லைப் பார்த்ததும் 'பேய்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். நமக்குப் பேய் என்றால் பெரும்பாலும் செத்தவர் ஆவி. ஜப்பானில் அதற்கு 'யூரெய்' என்று தனிச்சொல் இருக்கிறது. யோகாய் என்பது அதைவிடப் பெரிய குடும்பம். ஆற்றில் இருப்பது, வீட்டில் இருப்பது, மலையில் இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு குணம், ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரியாமல் பார்த்தால் பாதிக் கதை நம் கண்ணிலேயே படாது. ஒரே ஊரைச் சேர்ந்த இரண்டு யோகாய்களை வைத்து இதைச் சொல்கிறேன்.

ஊர் பெயர் தோனோ. வடகிழக்கு ஜப்பானில், இவாத்தே மாகாணத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் சசாக்கி கிசென் வாய்வழியாகச் சொன்ன கதைகளைக் கேட்டு எழுதி, நாட்டாரியலாளர் யனகிதா குனியோ 1910-இல் 'தோனோ மோனோகத்தாரி' என்ற சின்னப் புத்தகமாக வெளியிட்டார். 119 கதைகள். முதலில் அச்சடித்தது 350 பிரதிகள்தான். ஜப்பானிய நாட்டாரியலே இந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்கியது என்பார்கள். இன்று அனிமேயில் வருகிற கப்பாவுக்கும் சாஷிகி வராஷிக்கும் இதில் வேர் இருக்கிறது.

முதலில் கப்பா. ஆற்றில் வாழும், ஒரு சிறுவன் உயரம் இருக்கும். முதுகில் ஆமை ஓடு, விரல்களுக்கு நடுவே சவ்வு, உச்சந்தலையில் ஒரு குழி. அந்தக் குழியில் தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்கு உயிரும் பலமும். தண்ணீர் சிந்தினால் துவண்டுவிடும். அதனால் கப்பாவிடம் மாட்டிக்கொண்டால் குனிந்து வணக்கம் சொல்லச் சொல்வார்கள். மரியாதை தெரிந்த ஜீவன், அதுவும் பதிலுக்குக் குனியும், தண்ணீர் கொட்டிவிடும். வெள்ளரிக்காய் என்றால் உயிர். வெள்ளரி வைத்து உருட்டுகிற சுஷிக்கு இன்றும் கப்பாமாக்கி என்றுதான் பெயர். சுமோ மல்யுத்தமும் பிடிக்கும். இதெல்லாம் அழகான பகுதி, குழந்தைப் படங்களில் வருவதும் இதுதான்.

அழகில்லாத பகுதியும் உண்டு. கப்பா குதிரையை ஆற்றுக்குள் இழுக்கும், குழந்தைகளை இழுக்கும். மனிதனின் ஆசனவாய்க்குள் 'ஷிரிகோதமா' என்று ஓர் உருண்டை இருப்பதாகவும், கப்பா அதை உருவி எடுத்தால் ஆள் செத்துப்போவான் என்றும் நம்பினார்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ஆற்றில் மூழ்கிச் செத்தவர் உடலை இரண்டு நாள் கழித்துக் கரையேற்றினால் ஆசனவாய்த் தசை தளர்ந்து திறந்து கிடக்கும். அதைப் பார்த்தவர்கள், உள்ளேயிருந்து எதையோ யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஆற்றங்கரையில் நின்றபடி கண்டுபிடித்த விளக்கம் அது. 2019-இல் வந்த 'சரசான்மாய்' தொடரில் இந்த உருண்டைதான் கதையே. அதைப் பார்த்துவிட்டு ஆபாசம் என்று திட்டிய நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தப் பத்தியை எழுதினேன்.

இன்னொரு பழைய கதை ஜப்பானின் பல ஊர்களில் உண்டு. குதிரையை இழுக்க வந்த கப்பாவின் கையை ஒருவன் வெட்டிவிடுகிறான். இரவில் கப்பா வந்து கையைத் திருப்பித் தரச்சொல்லிக் கெஞ்சுகிறது. கை கிடைத்ததும் நன்றியாக எலும்பு ஒட்டும் மருந்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டுப் போகிறது. மனிதனுக்கும் ஆற்றுக்கும் நடந்த ஒப்பந்தம் மாதிரி இருக்கும்.

இப்போது 'கூ' படத்துக்கு வாருங்கள். படம் எடோ காலத்தில் தொடங்குகிறது. சதுப்பு நிலத்தை வயலாக்கப்போகிறார்கள். எங்கள் இடத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்க, கூவின் அப்பா ஒரு சாமுராய் முன்னால் வந்து மண்டியிடுகிறார். கையில் மீன் கொண்டுவந்திருக்கிறார். சாமுராய் வாளை உருவுகிறான். கை துண்டாகி விழுகிறது, பிறகு உயிரும் போகிறது. அந்த நேரத்தில் நிலநடுக்கம் வந்து, குட்டி கூ பூமிக்குள் புதைந்துவிடுகிறது. இருநூறு வருடம் கழித்து தோக்கியோ புறநகர்ப் பையன் கோய்ச்சி ஒரு கல்லைப் பொறுக்கி வீட்டில் கழுவும்போது, காய்ந்துகிடந்த கூ கண் திறக்கிறது.

பின்பாதியில் கூவைத் தொலைக்காட்சி நிலையத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அங்கே அந்தச் சாமுராயின் வம்சாவழி ஆள் ஒருவர் பரம்பரைச் சொத்து என்று ஒரு பெட்டியைத் திறக்கிறார். உள்ளே காய்ந்து சுருங்கிய கை. கூ அதை அடையாளம் கண்டு, அப்பாவின் கை என்று நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறது. பழைய கதை தெரிந்தவர்களுக்கு இந்த இடம் தாங்காது. மரபில் கை திரும்பக் கிடைக்கும், ஒப்பந்தம் நிலைக்கும். இங்கே வெட்டுப்பட்டவர் கெஞ்சத்தான் வந்தார், எதையும் இழுத்துப்போக வரவில்லை. கை திரும்ப வந்தபோது அதைப் பொருத்திக்கொள்ள ஆள் இல்லை. ஒப்பந்தத்தை மனிதன்தான் முறித்தான் என்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டிவிட்டார் ஹாரா.

இதே படத்தில் கூ தன் இனத்தைத் தேடித் தோனோவுக்குப் போகிறது. கப்பா ஒன்றுகூட இல்லை. பழைய வீடு ஒன்றில் ஒரு சாஷிகி வராஷி மட்டும் இருக்கிறது. நான் சொல்லவந்த இரண்டாவது ஆள் இவள்தான்.

சாஷிகி என்றால் வீட்டின் பாய் விரித்த நல்ல அறை, வராஷி என்றால் அந்த வட்டார வழக்கில் குழந்தை. ஐந்தாறு வயதுக் குழந்தை மாதிரி இருக்கும். ஆளில்லாத அறையில் காலடிச் சத்தம் கேட்கும். அது இருக்கும் வீட்டில் செல்வம் இருக்கும், வெளியேறினால் வீடு அழியும். யனகிதாவின் புத்தகத்தில் பதினெட்டாம் கதை இது: மாலையில் ஊர் திரும்பும் ஒருவன் பாலத்தருகே முன்பின் பார்த்திராத இரண்டு சிறுமிகளைப் பார்க்கிறான். எங்கிருந்து வருகிறீர்கள் என்றால் மகோசாயெமோன் வீட்டிலிருந்து என்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்றால் வேறொரு ஊரில் இன்னார் வீட்டுக்கு என்கிறார்கள். அந்த வீட்டின் கதை முடிந்தது என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. கொஞ்ச நாளில் மகோசாயெமோன் வீட்டார் இருபது பேருக்கு மேல் விஷக்காளான் தின்று ஒரே நாளில் சாகிறார்கள். விளையாட்டு மும்முரத்தில் சாப்பிட வராத ஏழு வயதுப் பெண் மட்டும் மிஞ்சுகிறாள்.

இந்தக் குழந்தை யார்? சசாக்கி கிசெனே பிறகு சாஷிகி வராஷி பற்றித் தனிப் புத்தகம் போட்டார். அந்த வட்டாரத்தில் பஞ்ச காலத்தில், வளர்க்க வழியில்லாமல் பிறந்ததுமே கொல்லப்பட்ட சிசுக்களை இடுகாட்டுக்குக் கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே, மண் தரையிலோ உரலுக்கு அடியிலோ புதைத்தார்கள் என்ற செய்தியையும் அவர் பதிவு செய்திருக்கிறார். அந்த வழக்கத்துக்கு ஜப்பானியில் 'மபிக்கி' என்று பெயர். நெருக்கமாக முளைத்த நாற்றைக் களைந்துவிடுவதற்கும் அதே சொல்தான். தோனோ பஞ்சம் பார்த்த மண். பஞ்சத்தில் செத்தவர்களுக்காகக் கிசான் என்ற பௌத்தத் துறவி அங்கே மலைச்சரிவுப் பாறைகளில் செதுக்கிய ஐந்நூறு அருகர்களின், அதாவது ஞானமடைந்த புத்தச் சீடர்களின், முகங்கள் இன்னும் பாசி படர்ந்து கிடக்கின்றன.

பெரும்பாலான அனிமேக்கள் இந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை. சாஷிகி வராஷி என்றால் கிமோனோ போட்ட, அதிர்ஷ்டம் கொண்டுவரும் செல்லக்குட்டி, அவ்வளவுதான். தொட்டது 2007-இல் கென்ஜி நகமுரா இயக்கிய 'மோனோனோகே'. (மியசாக்கியின் 'பிரின்சஸ் மோனோனோகே' வேறு.) முதல் இரண்டு அத்தியாயமும் சாஷிகி வராஷி கதை. மழை இரவில் ஷினோ என்ற கர்ப்பிணி ஒரு விடுதிக்கு வந்து அடைக்கலம் கேட்கிறாள். முதலில் முடியாது என்ற கிழவி, பிறகு மேல்மாடியில் யாருக்கும் தராத ஓர் அறையைத் தருகிறாள். அறைக்குள் குழந்தைகளின் சிரிப்பு. அந்த விடுதி முன்பு தாசி வீடாக இருந்தது. அங்கிருந்த பெண்களின் வயிற்றில் வந்த பிள்ளைகள் பிறக்க விடப்படவில்லை. அந்த அறைச் சுவர்தான் அவர்களுக்குப் புதைகுழி. வெளியேறி எங்கும் போகத் தெரியாத அந்தக் குழந்தைகள், ஷினோவைப் பார்த்து அம்மா என்கிறார்கள். அவர்களுக்குப் பிறக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

அந்தத் தொடரில் மருந்து விற்பவன் ஒருவன் வருவான். அவன் வாள் உறையிலிருந்து வர மூன்று தெரிய வேண்டும்: எதிரில் இருப்பதன் உருவம், நடந்தது என்ன, அது ஏன் இப்படி ஆனது. மூன்றும் தெரியாமல் வெட்ட முடியாது. யோகாயை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. நாம் 'பேய்' என்று எழுதும்போது முதலாவதையே சரியாகச் சொல்வதில்லை.

அக்கா மகள் கேட்டதற்கு வருகிறேன். யோகாய் என்பவை மவுசு குறைந்துபோன பழைய தெய்வங்கள் என்றார் யனகிதா. கப்பா ஒரு காலத்து நீர்த்தெய்வம், நம்பிக்கை தேய்ந்ததும் குறும்பு செய்யும் ஆற்றுப் பிராணியாகிவிட்டது என்பது அவர் வாதம். பின்னால் வந்த ஆய்வாளர் கொமாட்சு கசுஹிக்கோ அதை மறுத்தார். அது ஒருவழிப்பாதை இல்லை, மனிதர்கள் கும்பிட்டால் அது காமி, அதாவது தெய்வம், கும்பிடாமல் விட்டால் அது யோகாய், எப்போது வேண்டுமானாலும் இப்படியும் அப்படியும் மாறலாம் என்றார். எனக்குக் கொமாட்சு சொல்வதுதான் சரி என்று படுகிறது. அதனால் அவளிடம், "யாராவது சோறு வைத்தால் சாமி, மறந்துவிட்டால் யோகாய்" என்றேன். "அப்போ கூவுக்கு யார் வைப்பா?" என்றாள்.

தோனோவில் வைக்கிறார்கள். ஜோகென்ஜி கோயிலுக்குப் பின்னால், கப்பாபுச்சி என்று மரநிழலில் ஒரு சின்ன ஓடை. கரையில் மூங்கில் கழியில் நூல் கட்டி, நுனியில் வெள்ளரிக்காயைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் பக்கத்திலேயே கப்பாவுக்குச் சின்ன மரக்கோயில் ஒன்று. மற்ற ஊர்க் கப்பா பச்சை, தோனோ கப்பா மட்டும் சிவப்பு. பஞ்சத்தில் ஆற்றோடு விடப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் நிறம் அது என்று சொல்பவர்களும் உண்டு. அந்தக் கோயிலுக்குள் சிவப்புத் துணியில் பஞ்சடைத்து முலை வடிவில் தைத்த காணிக்கைகள் குவிந்து கிடக்கும். பிள்ளை பெற்ற பெண்கள் தாய்ப்பால் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று கப்பாவிடம் வேண்டிக்கொண்டு வைத்துவிட்டுப் போவது.